தக திமி: பயணப் பாட்டுக்குள் கீபோர்டால் ரயில் ஓட்டுவது

ஆஸ்டினாட்டோ என்பது பாட்டின் அடியில் மாறாமல் திரும்பத் திரும்ப ஓடும் ஒரு சிறு இசைத்துண்டு. மெல்லிசைக் குழுக்களில் இதையே 'பேட்டர்ன்' என்பார்கள். மேலே மெட்டு எங்கே போனாலும், கார்டு எப்படி மாறினாலும், இந்தத் துண்டு தன் போக்கில் ஓடிக்கொண்டிருக்கும். ரயில் பாட்டுக்கு இது பொருந்துவதற்குக் காரணம் கேட்க வேண்டியதில்லை. ஜன்னலுக்கு வெளியே வயலும் வாய்க்காலும் மாறிக்கொண்டே போக, காலுக்கு அடியில் ஒரே சத்தம் கேட்கிறது.

ஆனால் எந்த ரயில் சத்தம்? புதிதாக எழுதுபவர்கள் பெரும்பாலும் இரண்டு சத்தங்களைக் குழப்பிக்கொள்வார்கள். 'சிக்கு புக்கு' நீராவி எஞ்சின் புகைபோக்கியிலிருந்து வருவது. இரண்டு சிலிண்டர் எஞ்சினில் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும்போது நான்கு முறை நீராவி வெளியேறும். அதனால் சம இடைவெளியில் நான்கு மூச்சு கேட்கும். 'தடக் தடக்' என்பது வேறு. அது தண்டவாளத்தின் இணைப்பில் சக்கரம் ஏறி இறங்கும் ஓசை. பெட்டிக்குள் உட்கார்ந்திருப்பவர் காதில் விழுவது இதுதான். பயணப் பாட்டு பயணியின் பாட்டு என்பதால் இங்கே இணைப்பின் ஓசையை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

ஓசையின் கணக்கு

நம் ஊர் அகலப்பாதைத் தண்டவாளத் துண்டு ஒன்றின் வழக்கமான நீளம் 13 மீட்டர். பெரம்பூர் ஐ.சி.எஃப். வகைப் பெட்டியின் அடியில், முன்பக்கம் ஒன்றும் பின்பக்கம் ஒன்றுமாக இரண்டு போகிகள் இருக்கும். (போகி என்றால் இங்கே பெட்டி அல்ல, நான்கு சக்கரங்களைத் தாங்கும் அடிச்சட்டம்.) ஒரு போகியில் இரண்டு அச்சுகள் உண்டு, இரண்டுக்கும் நடுவே சுமார் 2.9 மீட்டர். ஒரு பெட்டியின் கடைசி அச்சுக்கும் அடுத்த பெட்டியின் முதல் அச்சுக்கும் நடுவே சுமார் 4.6 மீட்டர்.

பெட்டியின் கோடியில், இரண்டு பெட்டிகள் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் கேட்பதை இந்த எண்களிலிருந்தே எழுதிவிடலாம். ஓர் இணைப்பில் முதலில் ஒரு போகியின் இரண்டு அடி விழும். சிறு இடைவெளி விட்டு அடுத்த போகியின் இரண்டு அடி. இவற்றில் ஒரு ஜோடி நம் காலடியிலேயே விழுவதால் பலமாகவும், மற்றது பக்கத்துப் பெட்டியிலிருந்து வருவதால் மெலிதாகவும் கேட்கும். பிறகு அடுத்த இணைப்பு வந்துவிடும்.

ஓர் இணைப்பிலிருந்து அடுத்த இணைப்பு வரையுள்ள 13 மீட்டரை ஒரு பீட் என்று வையுங்கள். அதை நான்காகப் பிரித்தால் ஒவ்வொன்றும் ஒரு மாத்திரை. முதல் அடி பீட்டின் தொடக்கத்தில் விழுகிறது. இரண்டாம் அடி விழுவது 2.9-ஐ 13-ஆல் வகுத்த இடத்தில், அதாவது பீட்டில் 0.22 பங்கு கடந்ததும். இது கால் பங்குக்கு மிக அருகில் இருக்கிறது. அதனால்தான் ரயில் சதுஸ்ர நடையில் ஓடுவதாகக் காதுக்குப் படுகிறது. தவில் சொல்லில் வைத்தால் 'தக திமி': 'தக' பலம், 'திமி' மெலிவு.

இதில் ஒரு வசதியும் உண்டு. ரயில் வேகம் எடுத்தாலும் குறைத்தாலும் அச்சுகளின் தூரம் மாறாது. அதனால் மொத்தப் பேட்டர்னும் சேர்ந்தே சுருங்கும், சேர்ந்தே நீளும்; உள்ளே உள்ள விகிதம் அப்படியே இருக்கும். டெம்போ எதுவானாலும் இதே துண்டை வாசிக்கலாம்.

டெம்போவைத் தேர்ந்தெடுக்கவும் இதே கணக்கு உதவும். நிமிடத்துக்கு எத்தனை பீட் என்ற எண்ணை 0.78-ஆல் பெருக்கினால் ரயிலின் வேகம் மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்று கிடைக்கும். 104 பீட் என்றால் சுமார் 81 கிலோமீட்டர். சுறுசுறுப்பாக ஓடும் எக்ஸ்பிரஸ். 58 பீட் என்றால் 45 கிலோமீட்டர், தாலாட்டுகிற பாசஞ்சர். உற்சாகமான பாட்டுக்கு 96 முதல் 112 வரை சரியாக இருக்கும். 140-இல் ரயில் நூறு கிலோமீட்டரைத் தாண்டி ஓடும். பாடுகிறவர் வாய்தான் தடம் புரளும்.

டெல்டாவில் நெடுங்காலம் ஓடிய மீட்டர் கேஜ் ரயிலுக்கு இந்த அளவுகள் பொருந்தா. இன்றைக்குப் பெரும்பாலான பாதைகளில் தண்டவாளத்தை நீளமாகப் பற்றவைத்துவிடுவதால், ஸ்டேஷன் யார்டில் தடம் மாறும் இடங்களைத் தவிர இந்தத் தடக் தடக் அதிகம் கேட்பதும் இல்லை. ஆனாலும் ஒரு பாட்டில் 'தக திமி' ஓடத் தொடங்கியதும் கேட்பவர் அது ரயில் என்று தெரிந்துகொண்டுவிடுகிறார்.

இரண்டு கைக்குப் பிரித்தல்

104 பீட்டில் ஒரு மாத்திரை ஒரு விநாடியில் ஏழில் ஒரு பங்குதான். இந்த வேகத்தில் ஒரே விரலால் ஒரே கட்டையை அடித்துக்கொண்டிருந்தால் இரண்டு நிமிடத்தில் மணிக்கட்டு இறுகிவிடும், அடிகளின் பலமும் தாறுமாறாகும். தவில்காரர் இடது கையில் கழியும் வலது கை விரல்களில் கூடுமாக மாற்றி மாற்றி அடிப்பதுபோல, இங்கேயும் இரண்டு கைக்கும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். 1, 3 இடதுக்கு. 2, 4 வலதுக்கு.

சி மேஜர் சுருதியில் ஒரு பீட் இப்படி அமையும். 'சி மேல்' என்பது நடு சி. 61 கட்டை கீபோர்டில் இடமிருந்து எண்ணினால் மூன்றாவது சி. 'சி கீழ்' அதற்கு ஒரு ஸ்தாயி கீழே. 'ஜி' இரண்டுக்கும் நடுவில் உள்ளது.

```
மாத்திரை |  1       2       3     4
சொல்     |  த       க       தி    மி
இடது கை  |  சி கீழ்  -       ஜி    -
வலது கை  |  -       சி மேல்  -     சி மேல்
பலம்     |  100     85      50    40
```

இடது கையில் கீழ் சி-க்குச் சுண்டுவிரல், ஜி-க்குக் கட்டைவிரல். வலது கைக்கு ஆள்காட்டி விரல் ஒன்றே போதும். கடைசி வரிசையில் இருப்பது கட்டையை எவ்வளவு பலமாகத் தட்டுகிறோம் என்பதன் அளவு. கீபோர்டும் கணினியும் இதை 127 வரை எண்ணும். கையால் வாசிக்கும்போது இதே எண்கள் வராது, வரவும் வேண்டாம். 'தக'வுக்கும் 'திமி'க்கும் நடுவே பாதிக்குப் பாதி வித்தியாசம் இருந்தால் போதும். தொடு உணர்வு இல்லாத விலை குறைந்த கீபோர்டில் எப்படித் தட்டினாலும் ஒரே பலம்தான் வரும். அதில் 'தக'வை மட்டும் இரட்டைச் சுரமாக்கிக்கொள்ளுங்கள். இடது கை கீழ் சி-யோடு ஜி-யையும், வலது கை மேல் சி-யோடு அதற்கு மேலே உள்ள ஜி-யையும் சேர்த்துத் தட்டட்டும். 'திமி' ஒற்றைச் சுரமாகவே இருக்கட்டும்.

எல்லாமே சி-யும் ஜி-யுமாக, அதாவது ச-வும் ப-வுமாக இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். சுருதிப்பெட்டியில் ஒலிப்பதும் இவைதான். பாட்டின் கார்டு மாறினாலும் இந்த இரண்டு சுரமும் பெரும்பாலும் ஒத்துப்போகும். ஏ மைனர் வரும்போது இடது கையின் முதல் சுரத்தை மட்டும் கீழ் ஏ-க்கு இறக்கினால் போதும். எஃப் கார்டுக்கு அதே சுரத்தை ஜி-க்கு ஒட்டிக் கீழே உள்ள எஃப் ஆக்குங்கள். மற்ற மூன்றும் அப்படியே.

தகராறு செய்வது ஜி மேஜர் மட்டும்தான். அந்தக் கார்டில் பி சுரம் உண்டு, மெட்டும் அதில் வந்து நிற்க விரும்பும். பாடகர் பி-யில் நீட்டி நிற்க, கீபோர்டு அதற்கு அரைச்சுரம் தள்ளி சி-யைத் தட்டிக்கொண்டிருந்தால் பல் கூசும். ஒத்திகையில் பாடகர் சுருதி விலகுகிறார் என்று தோன்றும் இடத்தில் பல சமயம் தப்பு கீபோர்டில் இருக்கும். ஜி வரும் பாரில் மட்டும் வலது கையை சி-யிலிருந்து டி-க்கு ஏற்றிவிடுங்கள். இடது கை கீழ் ஜி-யும் மேல் ஜி-யும். ரயில் நிற்காது, கரகரப்பு போய்விடும்.

தொனியும் பெடலும்

தாளம் சரியாக இருந்தும் ரயில் வராமல் போவதற்குப் பெரும்பாலும் தொனித் தேர்வே காரணம். மெதுவாக எழும்பும் ஸ்ட்ரிங்ஸ், பேட் போன்ற தொனிகளில் சத்தம் முழு உயரத்துக்கு வருவதற்குள்ளேயே அடுத்த மாத்திரை வந்துவிடும். தட்டியதும் எழும்பி உடனே அடங்கும் தொனிதான் இதற்கு வேண்டும்: மரிம்பா, மியூட் கிதார், பிட்சிகாட்டோ, கிளாவி. மரிம்பா மரத்தின் ஓசையாக இருப்பதால் ரயில் கொஞ்சம் விளையாட்டு ரயிலாகும். குழந்தைகள் பாட்டுக்கு அதுவே நல்லது. மியூட் கிதார் இரும்புக்குக் கிட்டத்தில் வரும்.

சஸ்டெயின் பெடலில் கால் இருக்கவே கூடாது. சில கீபோர்டுகளில் சஸ்டெயினுக்குத் தனிப் பொத்தான் உண்டு. முந்தைய பாட்டுக்குப் போட்டது அப்படியே கிடக்கும். சுரங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு 'தக திமி' ஒரே இரைச்சலாகக் கேட்டால் முதலில் அதைப் பாருங்கள். ரிவர்பையும் குறைத்து வையுங்கள். கல்யாண மண்டபம் தானாகவே போதுமான எதிரொலி தரும். கீபோர்டில் உள்ள தானியங்கி ரிதமை ஓடவிட்டு அதன்மேல் இதை வாசிக்கவும் வேண்டாம். அதன் ஹை-ஹாட்டும் அநேகமாக இதே நான்கு மாத்திரையைத்தான் தட்டிக்கொண்டிருக்கும். இரண்டும் ஒரு நூலிழை விலகினாலும் இரட்டையாகக் கேட்கும்.

பாட்டுக்குள் பொருத்திப் பார்த்தல்

மயிலாடுதுறையிலிருந்து தஞ்சாவூருக்குப் பள்ளிப் பிள்ளைகள் சுற்றுலா போகும் பாட்டு என்று வைத்துக்கொள்வோம். பல்லவி இரண்டு வரி:

குத்தாலம் போயாச்சு ஆடுதுறை வந்தாச்சு
கும்பகோணம் வெத்தலைக்குக் கூடையொண்ணு வாங்கியாச்சு

ஒவ்வொரு வரியும் இரண்டு பார், அதாவது எட்டு பீட். அரை பீட்டுக்கு ஓர் அசை. முதல் வரிக்கு சி ஒரு பார், ஏ மைனர் ஒரு பார். இரண்டாம் வரிக்கு எஃப் ஒரு பார், ஜி ஒரு பார்.

முதல் வரியை அசை பிரித்தால் 'குத், தா, லம்' என்று மூன்றும், பிறகு அரை பீட் மௌனமும் வரும். 'போ, யாச், சு' என்பதும் அப்படியே. மௌனம் விழுவது இரண்டாம் பீட்டின் பிற்பாதியில், 'திமி' இருக்கும் அதே இடத்தில். அதனால் அங்கே மெலிந்த ஜோடி தனியாகக் காதில் விழுகிறது. பாடகர் ஒரு ஊரைச் சொல்லி நிறுத்த, ரயில் 'திமி' என்று பதில் சொல்கிறது. இந்தப் பதில் தெளிவாகக் கேட்க வேண்டுமென்றால், முதல் பீட்டில் 'திமி'யை விட்டுவிட்டு இரண்டாவதில் மட்டும் வாசியுங்கள்: 'தக , , தக திமி'. 'ஆடுதுறை'யில் நான்கு அசையும் நிரம்பியிருப்பதால் பதிலுக்கு இடமில்லை. அங்கே இரண்டு பீட்டிலும் 'தக' மட்டும். 'வந்தாச்சு' முடிந்ததும் பதில் திரும்பி வரும்.

இரண்டாம் வரியில் எல்லா அரை பீட்டிலும் அசை உண்டு. மூச்சு விடக்கூட இடம் கிடையாது. இங்கே நான்கு மாத்திரையையும் நிரப்பினால் வெத்தலையும் கூடையும் புரியாது, சொற்களின் வல்லினம் எல்லாம் கீபோர்டின் தட்டலில் கரைந்துவிடும். வரி முழுவதும் 'தக , ,' போதும். கடைசி 'வாங்கியாச்சு'வில் மெட்டு பி-யில் நின்றால் வலது கை டி-யில் இருக்கிறதா என்று மறுபடி பார்த்துக்கொள்ளுங்கள். முழு 'தக திமி'யை இடையிசைக்கு வைத்துக்கொள்ளலாம். பாடகர் வாய் மூடியதும் பேட்டர்ன் நிரம்புவதால், வேகம் மாறாமலே ரயில் ஊரைத் தாண்டித் திறந்த வயலுக்கு வந்ததுபோல் இருக்கும்.

எட்டு பாருக்கு ஒருமுறை ஸ்டேஷன் வரட்டும். யார்டில் தடம் மாறும்போது சத்தம் ஒழுங்கு கலைந்து தடதடவென்று வரும் அல்லவா, அதற்குத் தவில் கணக்கிலேயே விடை இருக்கிறது. ஒரு பாரில் 16 மாத்திரை. அதை 'தகிட தகிட தகிட தகிட தகதிமி' என்று பிரித்தால் மூன்று மூன்றாக நான்கு முறை 12, கடைசியில் 4. ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்திலும் பலம் கொடுத்து, அதே சி, ஜி சுரங்களை இரண்டு கையும் மாற்றி மாற்றி வாசித்தால் பார் முடியும்போது சரியாக முதல் பீட்டில் வந்து இறங்கும். நன்றாக இருக்கிறதே என்று நான்கு பாருக்கு ஒருமுறை போட ஆரம்பித்தால் எது வழக்கம், எது விலகல் என்று கேட்பவருக்குத் தெரியாமல் போய்விடும். பிறகு அது ஆஸ்டினாட்டோவே அல்ல.

சீர்காழிக்கும் சிதம்பரத்துக்கும் நடுவே கொள்ளிடம் பாலத்தில் ரயில் ஏறியதும் அடியில் மண் இல்லாததால் ஓசை குடைந்து ஒலிக்கும். சரணத்தில் ஆறு வந்தால் நான்கு பாருக்கு இடது கையை ஒரு ஸ்தாயி இறக்கி ரிவர்பைக் கூட்டுங்கள். தாளத்தைத் தொட வேண்டாம்.

எங்கே சறுக்கும், எப்படிக் கண்டுபிடிப்பது

மெட்ரோனோமை 60-இல் வைத்து, வாயால் 'தக திமி' சொல்லிக்கொண்டே ஆரம்பியுங்கள். பலமும் மெலிவும் மாறாமல் இரண்டு நிமிடம் வந்தால் எட்டெட்டாக ஏற்றுங்கள். 84-க்கு மேல் பெரும்பாலும் 'திமி' பலமாகத் தொடங்கும். வேகத்தில் கை இறுகுவதால் வருவது இது. வாசிப்பதைப் போனில் பதிவு செய்து, போனை அடுத்த அறையில் வைத்துக் கேளுங்கள். தூரத்தில் மெலிந்த அடிகள் மங்கி, பலமான ஜோடி மட்டும் 'தடக்... தடக்...' என்று வந்தால் சரி. நான்கும் ஒரே மாதிரிக் கேட்டால் அது ரயில் அல்ல, தையல் மெஷின்.

இன்னொரு சறுக்கல் நடை மாறுவது. இரண்டாம் அடி தாமதமாக விழுந்து, 'தக' நீண்டு 'தா-க' ஆகிவிட்டால் நான்கின் கணக்கு மூன்றின் பக்கம் சாய்ந்து திஸ்ர நடை தலைகாட்டும். அப்போது கேட்பது ஜட்கா வண்டிக் குதிரையின் குளம்பு. உண்மையான ரயிலில் இரண்டாம் அடி கால் பங்குக்கு ஒரு மயிரிழை முன்னாலேயே விழுகிறது என்பதை நினைவில் வைத்தால், தப்பினாலும் முன்பக்கமாகத் தப்புவீர்கள். அதனால் கெடுதல் இல்லை.

கணினியில் எழுதுபவர்களுக்கு ஓர் ஆசை வரும், அசல் தூரங்களையே போட்டுப் பார்க்கலாமே என்று. ஒரு பீட்டுக்கு 480 டிக் என்ற கணக்கில் அச்சுகள் விழும் இடம் 0, 107, 277, 384. சம மாத்திரை என்றால் 0, 120, 240, 360. 'திமி' நன்றாகவே பின்தங்குவது தெரிகிறது. தனியாகக் கேட்டால் இது அசல் ரயில்தான். ஆனால் டிரம்ஸும் தபலாவும் சம மாத்திரையில் வாசிக்கும்போது இது கால் இடறுவதுபோல் இருக்கும். பாதி வழியில் நிற்பது நல்லது: 0, 114, 258, 372. மேடையில் கையால் வாசிப்பவர் இதைப் பற்றிக் கவலைப்படவே வேண்டாம்.

ரயில் கிளம்புவதைக் காட்ட டெம்போவை மெல்ல ஏற்றலாம். பதிவு செய்த பாட்டில் அழகாக இருக்கும். மேடையில் பத்துப் பிள்ளைகள் சேர்ந்து பாடும்போது ஆளுக்கொரு வேகத்தில் கிளம்பிவிடுவார்கள். டெம்போவை 104-லேயே நிறுத்தி, அடிகளின் எண்ணிக்கையை மட்டும் கூட்டுவது பாதுகாப்பு. முதல் இரண்டு பார் இரண்டு பீட்டுக்கு ஒரு 'த' மட்டும். அடுத்த இரண்டில் பீட்டுக்கு ஒரு 'த'. பிறகு 'தக'. பிறகு முழுசாக 'தக திமி'. எட்டு பாரில் ரயில் வேகம் பிடித்துவிட்டதாகத் தோன்றும், மெட்ரோனோம் அசைந்திருக்காது.

நிறுத்தும்போது இதையே தலைகீழாகச் செய்தால் போதும், ஒரே ஒரு வித்தியாசத்தோடு. கடைசி 'த'வைத் தாளத்தில் வைக்காமல், எதிர்பார்த்த இடத்தைவிட அரை பீட் தாமதித்துக் கீழ் சி-யில் மெதுவாக வையுங்கள். பிரேக் பிடித்த பெட்டி ஒரு முறை முன்னும் பின்னும் ஆடி நிற்பது அந்த அரை பீட்டில் வந்துவிடும்.